ரட்ணமும் ரத்தினமும்: கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கடவுச்சீட்டு

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு மாடிப்படிக்குக் கீழே என் மேசை. பலகையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியிருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் மொழிபெயர்ப்புக்கு வருவதில்லை. படிவத்தை நீட்டி, "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்பார்கள். 2024 மார்ச்சில் அப்படித்தான் ஒரு பிள்ளை வந்தாள். கடவுச்சீட்டு விண்ணப்பமான கே 35 ஏ படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்திருந்தாள். பெரிய சிக்கல் என்று சொல்ல ஒன்றுமில்லை. பத்தாண்டுக் கடவுச்சீட்டு ஓகஸ்டில் முடிகிறது, இடையில் கல்யாணம் ஆகிவிட்டது, கணவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்திருக்கிறது, புதுப் புத்தகத்தைக் கணவர் பெயரோடு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் என்னென்ன இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத்துப் பிழையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், அதுதான் கதையே.

அவளை மாதங்கி என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் குணரத்தினம், கணவர் அரவிந்தன், மாமனார் சிவகுமார்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வது நல்லது. எல்லோரும் பாஸ்போட் புதுப்பிப்பது என்கிறோம். பத்தாண்டுப் புத்தகம் முடிந்தால் அதை யாரும் நீட்டித் தருவதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் புது இலக்கத்தோடு புதுப் புத்தகம் தருகிறது, பழையதை ரத்துச் செய்து கையில் திருப்பித் தருகிறது. பெயர் மாறாதவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பெயர் மாறுகிறவருக்கு நிலைமை வேறு. புதுப் புத்தகத்தில் இலக்கமும் வேறு, பெயரும் வேறு. பழைய ஆளும் புதிய ஆளும் ஒருவரே என்று காட்ட வேறு கடதாசி வேண்டும்.

"என்ன அங்கிள், கலியாணம் கட்டினாப் பேர் தானா மாறாதோ?" என்று கேட்டாள்.

மாறாது. இலங்கையில் பெண் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விவாகப் பதிவில் இன்னாரும் இன்னாரும் இன்ன நாளில் விவாகம் செய்தார்கள் என்றுதான் இருக்கும். இனிமேல் இவள் பெயர் இது என்று அதில் ஒரு வரியும் கிடையாது. பெண்ணின் பெயர் அதில் பழைய பெயராகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் விவாகச் சான்றிதழைப் பெயர் மாற்றிய ஆவணம் என்று நினைப்பதே தவறு. அது ஒரு பாலம். ஒரு கரையில் அவளுடைய பழைய பெயர் நிற்கிறது, மறு கரையில் கணவரின் பெயர். இரண்டு கரையும் மற்றக் கடதாசிகளோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் பாலம் தாங்கும். ஒரு கரையில் ஓர் எழுத்துக் கழன்றாலும் கேள்வி வரும்.

பிறப்புச் சான்றிதழ் கல்யாணத்தால் மாறுவதே இல்லை, மாற்றத் தேவையும் இல்லை. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், மாதத்துக்கு ஒருவராவது "பிறப்புப் பத்திரத்திலயும் அவற்றை பேர் போட வேணுமாமே" என்று வந்து நிற்கிறார்கள்.

மேசையில் பரப்பிய கடதாசிகள்

கொண்டுவந்த எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். நான் எப்போதும் செய்வது இதுதான். படிவத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

பிறப்புச் சான்றிதழ், 1993, யாழ்ப்பாணம், தமிழில். பெயர் என்ற கூட்டில் "மாதங்கி" மட்டும். தகப்பன் பெயர் கூட்டில் "வேலாயுதம் குணரத்தினம்". நம்மவர்களின் பிறப்புப் பத்திரங்களில் இதுவே வழக்கம். சேர்நேம் என்று ஒன்று அதில் இல்லை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரை நாமே பிற்பாடு எடுத்து ஒட்டிக்கொள்கிறோம். ஆக, பழைய கடவுச்சீட்டில் உள்ள குணரத்தினத்துக்கு ஆதாரம் பிறப்புப் பத்திரத்தின் தகப்பன் கூடுதான். இந்த முதல் ஒட்டு கண்ணில் படாமலே போய்விடும்.

பழைய கடவுச்சீட்டு, 2014. சேர்நேம் GUNARATNAM, மற்றப் பெயர்கள் MATHANGI.

அடையாள அட்டை, பழைய லமினேட் அட்டை. "குணரத்தினம் மாதங்கி". ஆங்கிலத்தில் பெயரே இல்லை.

விவாகச் சான்றிதழ், 2022, கொழும்பு, தமிழில். ஆண் தரப்பு: "சிவகுமார் அரவிந்தன்". பெண் தரப்பு: "குணரட்ணம் மாதங்கி".

நான் விரலை அந்த ரட்ணத்தின் மேல் வைத்தேன். அவளுக்குப் புரியவில்லை.

"அது ரெண்டும் ஒண்டுதானே அங்கிள். அப்பாவை ஊரில ரட்ணம் எண்டுதான் கூப்பிடுறது."

ஊருக்கு ஒன்றுதான். குணரத்தினமும் குணரட்ணமும் யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில்கூட இரண்டு விதமாக எழுதப்படும். எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்த நாளன்று மண்டபத்தில் ஐம்பது பேர் நிற்க, பதிவாளர் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். யாரோ வாயால் சொன்ன உச்சரிப்பு அப்படியே விழுந்திருக்கிறது. அதன் கீழே மாப்பிள்ளை, பொம்பிளை, சாட்சிகள் எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வாசித்துக் கையெழுத்து வைத்த தம்பதியை நான் இதுவரை கண்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே சான்றிதழில் இன்னும் கொஞ்சம் தள்ளி, பெண்ணின் தகப்பன் பெயர் என்ற கூட்டில் "வேலாயுதம் குணரத்தினம்" என்று சரியாகவே இருந்தது. அதை மட்டும் யாரோ பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கூட்டை மறக்காமல் பாருங்கள். விவாகச் சான்றிதழில் வயதுதான் இருக்கும், பிறந்த திகதி இருக்காது. ஆகவே பிறப்புப் பத்திரத்தின் மாதங்கியும் விவாகச் சான்றிதழின் மாதங்கியும் ஒரே ஆள் என்று காட்ட அந்தக் காகிதத்தில் இருப்பவை இரண்டே: அவள் பெயர், தகப்பன் பெயர். ஒன்று சறுக்கினால் மற்றது தாங்க வேண்டும். இவளுக்கு நல்லகாலம், தகப்பன் கூடு தாங்கியது.

திருத்துவதா, சத்தியக்கடதாசி முடிப்பதா

இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் சொல்லும் வழி சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் ஒருவர் முன்னால், குணரத்தினம் மாதங்கி என்பவரும் குணரட்ணம் மாதங்கி என்பவரும் நான் ஒருத்தியே என்று சத்தியம் செய்து ஒப்பமிடுவது. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்துக் கூடிக் குறைந்திருக்கும் பல வழக்குகளில் நானே அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களைப் பற்றி நீங்களே சொல்லும் வார்த்தைக்கு அப்பால் அது எதையும் நிறுவுவதில்லை. மூலப் பதிவில் பிழை அப்படியே இருக்கும். சான்றிதழின் பிரதியை எப்போது எடுத்தாலும் பிழையோடுதான் வரும், ஒவ்வொரு முறையும் சத்தியக்கடதாசியும் கூடவே போக வேண்டும்.

மாதங்கியின் சான்றிதழ் கடவுச்சீட்டு வேலையோடு நிற்கப்போவதில்லை. கட்டாரில் குடும்ப விசாவுக்கு அதே விவாகச் சான்றிதழ் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்டு, தூதரகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட வேண்டும். இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. ரட்ணத்தை ஆங்கிலத்தில் எழுதினால் GUNARATNAM என்று கடவுச்சீட்டோடு அழகாகப் பொருந்திவிடும். ரத்தினம் என்ற சரியான எழுத்தைத்தான் ஆங்கிலத்தில் ஒலிக்கு ஒலி எழுதினால் GUNARATHTHINAM என்று எங்கோ போகும்! பிழையான தமிழ் சரியான ஆங்கிலத்துக்கு நெருக்கம், சரியான தமிழ் தூரம். அதனால் மொழிபெயர்ப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் பிழை மறைந்துவிடும். தமிழ் மூலத்தைப் பிறப்புப் பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். அப்படிப் பார்க்கக்கூடியவர் எந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பில் பிழையைத் திருத்தி எழுதித் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். செய்யக்கூடாது. மூலத்தில் இருப்பதை எழுதித்தான் கையெழுத்தும் முத்திரையும் வைக்கலாம். ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டு இருக்கும்போது கடவுச்சீட்டில் உள்ளதை எடுத்துக்கொள்வது வேறு விஷயம். அதனால்தான் மொழிபெயர்ப்புக்கு வரும்போது கடவுச்சீட்டின் போட்டோக்கொப்பியும் கொண்டுவரச் சொல்கிறேன்.

அவளிடம் ஐந்து மாதம் இருந்தது. திருத்தச் சொன்னேன். விவாகம் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரின் பகுதியில் விண்ணப்பம் கொடுத்தாள். இருவருடைய பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், பிழையுள்ள சான்றிதழ் எல்லாம் கூடப் போயின. தகப்பன் கூட்டில் சரியான எழுத்து ஏற்கனவே இருந்ததும், பிறப்புப் பத்திரம் அதையே சொன்னதும் பேச்சைக் குறைத்தன. பிழை எழுதும்போது நேர்ந்தது என்பது ஒரே பார்வையில் விளங்கியது. சில வாரங்களில் திருத்தப்பட்ட பிரதி கைக்கு வந்தது. நான்கு பிரதி எடுக்கச் சொன்னேன். மாமியார், "எதுக்குப் பிள்ளை நாலு?" என்று கேட்டாராம். இப்போது ஒன்று கட்டாரில், ஒன்று வங்கிக் கோப்பில், மற்ற இரண்டும் அலுமாரியில்.

கோயிலில் தாலி கட்டியதற்குக் கோயில் தரும் கடதாசி இந்த வேலை எதற்கும் ஆகாது. எழுத்து முடித்திருக்க வேண்டும். எழுத்தை ஒத்திவைத்தவர்கள் அதை முதலில் முடிக்கட்டும்.

எந்தப் பெயரை எடுப்பது

இதை அவள் யோசித்தே இருக்கவில்லை. படிவத்தில் சேர்நேம் கூட்டில் ARAVINDAN என்று பெரிய எழுத்தில், ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்தாக எழுதியிருந்தாள். கணவரின் கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னேன். கைப்பேசியில் படம் இருந்தது. அதில் சேர்நேம் SIVAKUMAR, மற்றப் பெயர்கள் ARAVINTHAN.

அங்கே இரண்டு கேள்வி கிடந்தது.

ஒன்று, எழுத்துக்கூட்டு. அவள் எழுதியது DAN, அவருடையது THAN. விவாகச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் அது இந்த விஷயத்தில் ஒரு பக்கமும் பேசாது. அரவிந்தன் என்பதற்கு இரண்டுமே பொருந்தும். கணவரின் கடவுச்சீட்டில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், வேறு யோசனையே வேண்டாம். விசாக் கோப்பில் கணவன் பெயரும் மனைவியின் சேர்நேமும் வேறு வேறு எழுத்தில் இருந்தால், விவாகச் சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் வேற்று நாட்டவருக்கு அது இரண்டு குடும்பம்.

மற்றது கொஞ்சம் ஆழமானது. கணவரின் கடவுச்சீட்டுப்படி குடும்பப் பெயர் சிவகுமார், அதாவது மாமனாரின் பெயர். நம் வழக்கப்படி மனைவி எடுப்பது கணவரின் சொந்தப் பெயரை. ஆக, ஒரே வீட்டில் கணவர் SIVAKUMAR, மனைவி ARAVINTHAN, நாளைக்குப் பிறக்கும் பிள்ளையும் ARAVINTHAN. நமக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. சேர்நேம் என்றால் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்று நினைக்கும் நாட்டில், தகப்பனுக்கும் பிள்ளைக்கும் வேறு சேர்நேம் ஏன் என்று கேட்பார்கள். சிலர் அதற்குப் பயந்து SIVAKUMAR என்றே மனைவிக்கும் போடுகிறார்கள். அதற்கும் விவாகச் சான்றிதழ் ஆதாரமாகிறது, ஏனென்றால் ஆண் தரப்பின் முழுப் பெயரில் இரண்டு சொல்லும் உண்டு. நான் எந்தப் பக்கமும் தள்ளமாட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும்: எதை எடுத்தாலும் அந்தச் சொல் விவாகச் சான்றிதழில் ஆண் தரப்புப் பெயரில் இருக்க வேண்டும். சான்றிதழில் "சி. அரவிந்தன்" என்று முதலெழுத்து மட்டும் இருந்தால் சிவகுமாரைத் தொடுவதற்கு இன்னொரு கடதாசி தேடவேண்டி வரும்.

மாதங்கி ஒரு நாள் யோசித்துவிட்டு, "நான் மாமாவை கட்டேல்லைத்தானே" என்று சிரித்தாள். ARAVINTHAN என்று முடிவானது.

கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் இந்த முடிவு எப்படித் தெரியும் என்று எழுதிக் காட்டினேன். சர்வதேச ஒழுங்குப்படி ஒரு வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, பெயருக்கு எஞ்சுவது 39. சேர்நேமுக்கும் மற்றப் பெயருக்கும் நடுவில் இரட்டைக் குறி வரும்.

```
GUNARATNAM<<MATHANGI<<<<<<<<<<<<<<<<<<<
ARAVINTHAN<<MATHANGI<<<<<<<<<<<<<<<<<<<
```

மேலே பழைய புத்தகம், கீழே புதியது. விமான நிலையத்து இயந்திரத்துக்கு இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பவர் வேறு ஆள். பழைய பெயர் இந்த வரியில் ஒரு தடயமும் விடுவதில்லை. அதனால்தான் ரத்தான பழைய புத்தகத்தை எறியக்கூடாது. நீளமான பெயர்க்காரர்கள் தகப்பன் பெயரையும் விடாமல் கணவர் பெயரையும் சேர்த்து எழுத நினைத்தால் இந்த 39 இடத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பாலசுப்பிரமணியத்தின் மகள் ஞானசேகரத்தைக் கட்டி, அவளுடைய சொந்தப் பெயரும் நீளமாக இருந்தால் வரி போதாது, கடைசிப் பெயர் வெட்டுப்படும்.

அடையாள அட்டைதான் முதலில்

கடவுச்சீட்டுக்கு முன் அடையாள அட்டையை மாற்று என்று சொன்னேன். இது என் அனுபவத்தில் பிறந்த வரிசை. எந்த ஜன்னலிலும் முதலில் நீட்டச் சொல்வது ஐசியைத்தான். அதில் குணரத்தினம், படிவத்தில் அரவிந்தன் என்றால் உரையாடல் அங்கிருந்தே விளக்கமாகத் தொடங்கும். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் விவாகச் சான்றிதழுக்கு இருக்கும் வேலை பழைய கடவுச்சீட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் இணைப்பது மட்டும்.

இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பெயர் மாறினாலும் அடையாள அட்டை இலக்கம் மாறுவதில்லை. நம் கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தில் அந்த இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய கடவுச்சீட்டில் GUNARATNAM என்ற பெயரோடு இருக்கும் இலக்கமும், புதிய ஐசியில் ARAVINTHAN என்ற பெயரோடு இருக்கும் இலக்கமும் ஒன்று. பெயர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கட்டும், இலக்கம் அமைதியாக இருவரும் ஒருத்தி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த இலக்கம் பிறந்த நாளையும் சொல்கிறது. இவளுடையது 93635 என்று தொடங்கியது. 93 பிறந்த ஆண்டு. பெண்களுக்கு நாளெண்ணோடு 500 கூட்டுவார்கள், கழித்தால் 135. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில் 135ஆவது நாள் மே 14. பிறப்புப் பத்திரத்திலும் மே 14. விவாகச் சான்றிதழ் பிறந்த திகதியைச் சொல்லாமல் விட்ட ஓட்டையை இந்த இலக்கம் அடைக்கிறது. எத்தனையோ பேர் பெயரை இணைக்கும் கடதாசி தேடி அலைவார்கள், கையில் இருக்கும் இலக்கத்தைக் கவனிக்கமாட்டார்கள்.

ஐசி மாற்றம் வழமையான வழிதான்: கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பம், அவர் உறுதிப்படுத்த, பிரதேச செயலகம், அங்கிருந்து ஆட்பதிவுத் திணைக்களம். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. திருத்திய விவாகச் சான்றிதழ் ஆதாரம். ஒரு விஷயத்தில் மட்டும் நின்று நிதானித்தோம். 2017 முதல் வரும் புதிய அட்டையில் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். பழைய அட்டையில் ஆங்கிலம் இல்லாதவருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு முதல் முதலில் உறைந்துபோவது இந்த விண்ணப்பத்தில்தான், கடவுச்சீட்டில் அல்ல. இங்கே DAN என்று போய்விட்டால் பிறகு கடவுச்சீட்டில் THAN கேட்பது இன்னொரு திருத்தக் கதை. MATHANGI என்பதையும் பழைய கடவுச்சீட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். சொந்தப் பெயரில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. சேர்நேம் மாறியதற்குக் கல்யாணம் காரணம் சொல்லும். MATHANGI எப்படி MADHANGI ஆனது என்பதற்கு எந்த விவாகச் சான்றிதழும் காரணம் சொல்லாது.

பத்தரமுல்லை

ஜூன் மாதம் போனாள். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து 177. திணைக்களம் இருக்கும் சுகுருபாயவில் ஒருநாள் சேவைக்குக் கட்டணம் அப்போது 20,000 ரூபா, சாதாரண சேவைக்கு 10,000. அவள் ஒருநாள் சேவையே எடுத்தாள். (அந்த ஆண்டின் கடைசியில் இணையத்தில் நாள் பதிந்துவிட்டுப் போகும் முறை வந்தது. நேரே போய் வரிசையில் நின்ற காலத்தின் கடைசிப் பகுதி அது.) புகைப்படம் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, அவர்களே திணைக்களத்துக்கு அனுப்பி, கையில் துண்டு கொடுத்திருந்தார்கள். பழைய புத்தகம் 2014இல் எடுத்தது என்பதால் விரலடையாளம் இருக்கவில்லை, அது 2015இல்தான் தொடங்கியது. ஆகவே அதையும் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் கட்டிக் கொடுத்த ஒழுங்கு இதுதான்: படிவத்துக்குக் கீழே புதிய ஐசி, அதன் கீழ் திருத்திய விவாகச் சான்றிதழ், அதன் கீழ் பிறப்புப் பத்திரம், கடைசியில் பழைய கடவுச்சீட்டு. ஒவ்வொன்றிலும் மூலமும் போட்டோக்கொப்பியும். தனியாக ஒரு உறையில் கணவரின் கடவுச்சீட்டுப் பிரதி. அதைக் கேட்டால் மட்டும் எடுக்கச் சொன்னேன், THAN எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலாக. பிழையுள்ள பழைய விவாகப் பிரதியைக் கொண்டுபோகவே வேண்டாம் என்றேன். ஒரே பதிவின் இரண்டு பிரதி இரண்டு விதமாக ஒரே கோப்பில் கிடந்தால் வீண் பேச்சு.

ஜன்னலில் இருந்த அலுவலர் ஐசியையும் விவாகச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறப்புப் பத்திரத்தின் தகப்பன் கூட்டில் பேனையை ஒரு கணம் நிறுத்தினார், அப்புறம் பக்கத்தைப் புரட்டினார் என்று வந்து சொன்னாள். கணவரின் பிரதியைக் கேட்கவே இல்லையாம். பின்னேரம் புத்தகம் கையில்.

வந்த கையோடு ஒரு தலையிடி. மச்சான் முறையான ஒருவர், மலிவாகக் கிடைத்தது என்று, ஏற்கனவே அவளுக்கு டோஹாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார், பழைய கடவுச்சீட்டைப் பார்த்து. டிக்கெட்டில் GUNARATNAM, கையில் ARAVINTHAN. விவாகச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று அவர் சொன்னார். அதை நம்பி கட்டுநாயக்காவுக்குப் போகக்கூடாது. டிக்கெட்டின் பெயர் பயணம் செய்யும் புத்தகத்தின் பெயராக இருக்க வேண்டும். சேர்நேம் முழுதாக மாறினால் விமான நிறுவனம் அதை எழுத்துப் பிழைத் திருத்தமாக எடுக்காமல் போகலாம். புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் புத்தகம், பிறகு டிக்கெட். விசா விண்ணப்பத்துக்கும் அதே வரிசைதான். பழைய புத்தகத்தில் உயிரோடிருக்கும் விசா உள்ளவர்கள் பெயர் மாற்றுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தின் விதியைப் படிக்க வேண்டும். புத்தகம் மாறினாலும் விசாவை ஏற்கும் நாடுகள் பெயரும் மாறினால் ஏற்குமா என்பது தனிக் கேள்வி.

மாற்றாமலே இருந்திருக்கலாமா

இதை நான் அவளிடம் முதல் நாளே சொன்னேன், அவள் கேட்கவில்லை. அதில் தவறில்லை, பெயர் அவளுடையது. ஆனால் கட்டார் விசாவுக்காக மாற்றுகிறேன் என்று அவள் சொன்ன காரணம் மட்டும் சரியில்லை. மனைவி என்பதைக் காட்டுவது உறுதிப்படுத்திய விவாகச் சான்றிதழ், சேர்நேம் அல்ல. தகப்பன் பெயரோடே புதுப் புத்தகம் எடுத்திருந்தால் பிறப்புப் பத்திரம், பட்டச் சான்றிதழ், பழைய ஐசி எல்லாம் தொடர்ந்து ஒரே பெயரில் இருந்திருக்கும். அவளுக்கு இப்போது கணக்கியல் பட்டம் குணரத்தினத்தில், ஊழியர் சேமலாப நிதி குணரத்தினத்தில், கடவுச்சீட்டு அரவிந்தனில். டோஹாவில் வேலை தேடும்போது பட்டத்தையும் கடவுச்சீட்டையும் இணைக்க மறுபடி அந்த விவாகச் சான்றிதழே போக வேண்டும். என் மகளுக்கு நான் மாற்றச் சொல்லவில்லை.

பிரிந்தவர்கள் திரும்பத் தகப்பன் பெயருக்குப் போக வரும்போது விவாகச் சான்றிதழ் தனியாகப் போதாது. மாவட்ட நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், அதிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்குத் தொடுக்கும்போது சட்டத்தரணி எந்தப் பெயரில் தொடுத்தாரோ அதுவே தீர்ப்பாணையிலும் வரும்.

போன மாதம் மாதங்கியின் தங்கச்சி வந்தாள், எழுத்துக்கு நாள் வைத்திருக்கிறதாம். கையில் பிறப்புப் பத்திரத்தின் பிரதி, அதில் தகப்பன் பெயரின் மேல் மஞ்சள் மையால் கோடு போட்டு, ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: "ரத்தினம். ரட்ணம் இல்லை. பதிவாளர் எழுதினாப் பிறகு வாசி."